பெரியம்மாவை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? ஒரு வளைகாப்பில் கற்றுக்கொண்டவை

ஆங்கிலத்தில் செய்தி எழுதும்போது பெரியம்மாவைப் பெரியம்மா என்றே விடுவதா, ஆன்ட் என்று மாற்றுவதா, புளியோதரையை டாமரிண்ட் ரைஸ் ஆக்குவதா என்பதெல்லாம் 2024 வரை எனக்கு ரசனை சார்ந்த விஷயமாகத்தான் இருந்தது. தமிழ்ப் பெயரை விடக்கூடாது என்று ஒரு கட்சி, படிப்பவருக்குப் புரிய வேண்டாமா என்று ஒரு கட்சி. இரண்டு பக்கமும் எனக்குப் பிடித்திருந்தது. அந்த வருடம் என் மனைவிக்கு வளைகாப்பு வைத்தோம். இங்கிலாந்தில் ரெடிங் நகரில் இருக்கிறோம். அந்த ஒரு விசேஷத்துக்காக எழுதிய கடிதங்களிலும் செய்திகளிலும் உறவுப் பெயர், சடங்கின் பெயர், சாப்பாட்டுப் பெயர் என்று மூன்றிலும் அடி வாங்கிய பிறகுதான் இதில் கட்சி கட்டுவதே தப்பு என்று தோன்றியது. இதையெல்லாம் முன்கூட்டியே சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை. அதனால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

முதலில் பெரியம்மா. என் மனைவி சிறுமியாக இருக்கும்போதே அவள் அம்மா இறந்துவிட்டார். வளர்த்தது அம்மாவின் அக்கா, கும்பகோணத்தில். மனைவி அவரைக் கூப்பிடுவதும் அம்மா என்றுதான். வளைகாப்புக்கு அவர் வராமல் எப்படி? ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு மண்டபம் பிடித்துவிட்டு, ஜூனிலேயே விசிட்டர் விசாவுக்கு விண்ணப்பித்தோம். கட்டணம் அப்போது 115 பவுண்டு, நம் பணத்தில் பன்னிரண்டாயிரம் ரூபாய் சொச்சம். விண்ணப்பத்தை ஊரில் ஒரு டிராவல்ஸ்காரர் நிரப்பினார். பெரியம்மாவிடம் கேட்டு நிரப்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். "யாரைப் பாக்கப் போறீங்கம்மா?" என்று அவர் கேட்க, "எம் பொண்ணு வீட்டுக்குத்தான்" என்று இவர் சொல்ல, படிவத்தில் டாட்டர் என்று ஏறிவிட்டது. நான் இங்கிருந்து அனுப்பிய அழைப்புக் கடிதத்தில் ஆன்ட் என்று எழுதியிருந்தேன். யார் யாரை வளர்த்தார்கள் என்று ஊரில் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்கியிருந்தோம். அதில் தமிழில் 'பெரியம்மா, வளர்ப்புத் தாய்' என்று சரியாகத்தான் இருந்தது. மொழிபெயர்த்தவர் அதை ஃபாஸ்டர் மதர் என்று போட்டுவிட்டார். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி வேறு பொருள். அரசு அமைப்பு மூலமாக ஒரு பிள்ளையைப் பொறுப்பேற்று வளர்ப்பவர் அவர், அதற்குக் காகிதம் இருக்கும். போதாக்குறைக்கு, மனைவி மாதாமாதம் அவருக்கு அனுப்பும் பணத்துக்கு வங்கிக் குறிப்பில் Amma என்று போட்டிருந்தாள். அந்த வங்கிக் கணக்கு விவரத்தையும் ஆதாரமாக இணைத்திருந்தோம்.

ஆக ஒரே பெண்மணி நான்கு காகிதங்களில் நான்கு உறவு. ஒரு தமிழர் அந்தக் கோப்பைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் விளங்கியிருக்கும், எதிலும் பொய் இல்லை என்று. விசா அதிகாரிக்கு அது ஒன்றுக்கொன்று முரணான நான்கு வாக்குமூலம். உறவு நிரூபிக்கப்படவில்லை, பயணத்தின் நோக்கம் நம்பும்படி இல்லை என்று ஜூலை நடுவில் மறுப்புக் கடிதம் வந்தது. குடும்பத்தாரைப் பார்க்க வருபவர்களுக்கு முன்பு மேல்முறையீடு செய்யும் உரிமை இருந்தது. 2013 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். எனவே மறுபடி கட்டணம் கட்டி மறுபடி விண்ணப்பிப்பதுதான் வழி. 'டிக்கெட் விலை ஏறிடும் சார்' என்று டிராவல்ஸ்காரர் சொல்லி விசாவுக்கு முன்பே எடுத்த டிக்கெட்டை ரத்து செய்ததில் பதினெட்டாயிரம் ரூபாய் போனது. பணத்தைக்கூட விடுங்கள். எழுபது வயதை நெருங்கும் மனுஷி, பாஸ்போர்ட்டை வாங்கி வந்து, "நான் பொய் சொன்னேன்னு எழுதியிருக்காங்களாப்பா?" என்று போனில் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. மனைவி அன்று சாப்பிடவே இல்லை.

இதில் புரிந்துகொள்ள வேண்டியது, தமிழ் உறவுமுறையும் ஆங்கில உறவுமுறையும் பிரிக்கும் இடம் வேறு என்பது. நம்மிடம் ஒரு பெண்ணுக்குத் தன் அக்கா தங்கை பிள்ளைகள் எல்லோரும் மகன், மகள்தான். அண்ணன் தம்பி பிள்ளைகள்தான் மருமகன், மருமகள். ஆணுக்கு அப்படியே திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள்: அண்ணன் தம்பி பிள்ளைகள் மகன், மகள். அக்கா தங்கை பிள்ளைகள் மருமக்கள். ஆங்கிலத்தில் இவை எல்லாமே நீஸ் அல்லது நெவ்யூ. எனவே பெரியம்மா, சித்தி, பெரியப்பா, சித்தப்பா விசாவுக்கு விண்ணப்பித்தால், 'மகளைப் பார்க்கப் போகிறேன்' என்று சொல்லி டாட்டர் என்று பதிவாகும் ஆபத்து உண்டு. அத்தையோ மாமாவோ விண்ணப்பித்தால் 'மருமகள்' என்று சொல்லி டாட்டர் இன் லா என்று பதிவாகலாம். அப்புறம் கல்யாணச் சான்றிதழ் எங்கே என்பார்கள். சித்தி இன்னும் மோசம். தமிழிலேயே அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. மொழிபெயர்ப்பவர் எந்தச் சித்தி என்று கேட்காமல் ஸ்டெப் மதர் என்று போட்டுவிட்டால் கதை முடிந்தது.

இரண்டாவது முறை செய்தது இதுதான். கடிதத்தில் உறவுப் பெயரை நம்பவில்லை, பிறப்பின் சங்கிலியைச் சொன்னோம். முதல் பத்தியிலேயே, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலோடு பெரியம்மாவின் பெயர், அவர் என் மனைவியின் காலமான தாயாருடைய அக்கா, இருவரும் இன்னாருடைய மகள்கள் என்று மூன்று வரி. அடுத்து, தமிழ்க் குடும்பங்களில் வளர்த்த பெரியம்மாவை அம்மா என்று அழைப்பது உண்டு, வங்கிக் குறிப்பில் Amma என்று இருப்பது இவரைத்தான் என்று ஒரு வரி. சட்டப்படி தத்து எதுவும் எடுக்கவில்லை, தாய் இறந்த பிறகு இவர் வீட்டில் வளர்ந்தாள் என்று ஒரு வரி. படிவத்தில் நீஸ். கடிதத்திலும் நீஸ், ஆன்ட் என்ற ஒரே ஜோடி. பெரியம்மா என்ற சொல்லை நாங்கள் விட்டுவிடவில்லை. 'தமிழில் Periyamma எனப்படும்' என்று ஒரு முறை எழுதினோம். உறுதிமொழிப் பத்திரத்தின் மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல்லை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்து, பக்கத்தில் தாயின் மூத்த சகோதரி என்று விளக்கம் போடச் சொன்னோம். அப்போது காகிதத்துக்குக் காகிதம் சொல் மாறாது.

ஆதாரம் தேடுவதில்தான் அதிக நேரம் போனது. அக்கா தங்கை என்று காட்டும் காகிதம் நம்மிடம் நேரடியாக இருக்காது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதார் போன்றவற்றில் பெரும்பாலும் கணவர் பெயர் வந்துவிடுகிறது. இரண்டு சகோதரிகளுக்கும் பொதுவாக இருப்பது அப்பா பெயர் ஒன்றுதான், இருவருக்கும் அது எங்களுக்குப் பழைய பள்ளிச் சான்றிதழில்தான் கிடைத்தது. பெரியம்மாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் பரணில் கிடைத்தது. மாமியாருடையதற்கு அவர் படித்த பள்ளிக்கு ஆள் அனுப்பி நகல் வாங்கினோம். அதோடு மாமியாரின் இறப்புச் சான்றிதழ், மனைவியின் பிறப்புச் சான்றிதழ். இவை நான்கும் சேர்ந்தால் சங்கிலி முழுமையாகிறது. தமிழில் இருந்தவற்றுக்கெல்லாம் மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பு துல்லியமானது என்ற உறுதி, தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப் பெயர், கையெழுத்து, தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இதில் ஒன்று விட்டாலும் அந்தக் காகிதம் இல்லாததற்குச் சமம். அவசரச் சேவைக்கு 500 பவுண்டு என்றார்கள். காகிதங்களே கைக்கு வராத நிலையில் அதைக் கட்டி என்ன பயன் என்று விட்டுவிட்டோம். விசா கிடைத்தபோது வளைகாப்பு முடிந்துவிட்டிருந்தது. பிரசவத்துக்கு முன்னால் அக்டோபரில் வந்து சேர்ந்தார். முதல் வளையலைப் போட வேண்டிய கை வீடியோ காலில் இருந்தது.

சடங்கின் பெயருக்கு வருகிறேன். அலுவலக நண்பர்கள், அக்கம்பக்கத்தார் என்று தமிழர் அல்லாதவர்கள் பதினைந்து பேர் வரை அழைத்தோம். வாட்ஸாப்பில் அழைப்பு எழுதும்போது வளைகாப்பு என்றால் யாருக்குத் தெரியும், பேபி ஷவர் என்று போடுவோம் என்று நண்பன் ஒருவன் சொன்னான். படிக்கவும் எளிதாக இருந்தது. போட்டோம். எல்லோருக்கும் உடனே புரிந்தது, அதுதான் சிக்கலே. அவர்களுக்குத் தெரிந்த ஒரு விசேஷம் புரிந்தது. பேபி ஷவர் என்றால் பிறக்கப்போகும் குழந்தைக்குச் சாமான் கொடுக்கும் விருந்து. எனவே குட்டிச் சட்டை, போர்வை, பால் புட்டி, ஒருவர் தொட்டில் பெட்டியே வாங்கி வந்துவிட்டார். திருச்சியிலிருந்து வந்திருந்த என் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எங்கள் வீட்டில் குழந்தை பிறக்கும் முன்னால் துணிமணி எதுவும் வாங்கி வைக்க மாட்டார்கள். "ஏண்டா, இதையெல்லாம் வேண்டாம்னு முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்று சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டார். கொண்டுவந்தவர்கள் ஆசையாகக் கொண்டுவந்தவர்கள், திருப்பிக் கொடுக்க முடியுமா? கடைசியில் ஒரு சக ஊழியரே தன் கராஜில் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு, பிறந்த பிறகு கொண்டுவந்து தருகிறேன் என்றார். நல்ல மனுஷி. இன்னொரு பக்கம், பேபி ஷவர் பெண்களுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு நண்பர்கள் இரண்டு பேர் மனைவியை வாசலில் இறக்கிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்குத் தெரிந்த ஒரு விசேஷத்தின் பெயரைக் கொடுத்தால், அதோடு அதன் சம்பிரதாயம் மொத்தமும் சேர்ந்து வந்துவிடும். என்ன கொண்டுவர வேண்டும், யார் வரலாம், எத்தனை மணிக்கு வரலாம், என்ன உடுத்தலாம் எல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. Valaikaappu என்று எழுதியிருந்தால் அவர்கள் கேட்டிருப்பார்கள், அப்போது சொல்லியிருக்கலாம். பிறகு மனைவியின் தோழிக்கு இதே ஊரில் வளைகாப்பு வந்தபோது அழைப்பை நாங்கள்தான் எழுதிக் கொடுத்தோம். மேலே Valaikaappu, அதற்குக் கீழே நான்கு விஷயம்: கர்ப்பிணியின் கைகளில் எல்லோரும் கண்ணாடி வளையல் அணிவித்து வாழ்த்தும் நாள் இது. ஆண், பெண், குழந்தைகள் எல்லோரும் வரலாம். குழந்தைக்கான பரிசுகளைப் பிறந்த பிறகு கொண்டுவாருங்கள், இப்போது கை வீசிக்கொண்டு வந்தாலே போதும். 11 மணிக்குத் தொடங்கும், மதியம் சைவச் சாப்பாடு உண்டு. அவ்வளவுதான். வளைகாப்பின் வரலாறு, ஏழாம் மாதமா ஒன்பதாம் மாதமா என்ற விளக்கமெல்லாம் அழைப்பில் வேண்டாம். வந்தவர்கள் ஒரு பொட்டலம் கூடக் கொண்டுவராமல், ஆனால் ஆசையாக வளையல் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் பச்சை வளையல் தேடி லண்டன் சௌத்தால் வரை போய் வாங்கி வந்திருந்தார்.

சாப்பாடுதான் எனக்கு இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும் பகுதி. வளைகாப்பு என்றால் கலவை சாதங்கள். புளியோதரை, எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், சர்க்கரைப் பொங்கல், தயிர் சாதம், கூட வடை, அப்பளம். ஒரு கேட்டரரிடம் சொல்லியிருந்தோம். விருந்தினர்களில் ஒருவருக்கு சீலியாக் நோய், கோதுமைப் புரதமான குளூட்டன் கொஞ்சம்கூட ஆகாது. இன்னொருவரின் ஆறு வயதுப் பையனுக்கு எள் அலர்ஜி, கடுமையானது, ஊசி மருந்தைக் கையிலேயே வைத்திருப்பார்கள். இரண்டு பேரும் முன்னதாகவே என்னிடம் கேட்டார்கள். நான் பட்டியலை டாமரிண்ட் ரைஸ், லெமன் ரைஸ், கோகனட் ரைஸ், கர்ட் ரைஸ் என்று மொழிபெயர்த்து அனுப்பினேன். எல்லாம் அரிசி, அரிசியில் கோதுமை ஏது, எள் ஏது? படித்தவர்களும் அப்படியே நினைத்து நன்றி சொன்னார்கள்.

புளியோதரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நல்லெண்ணெயில்தான் காய்ச்சுவோம். நல்லெண்ணெய் என்பது எள்ளெண்ணெய். பல வீடுகளில் எள்ளை வறுத்துப் பொடித்தும் போடுவார்கள். வேர்க்கடலை விழும். கடுகு தாளிப்பு. பெருங்காயம். இப்போது பிரிட்டனில் உணவு விற்பவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டிய 14 அலர்ஜிப் பொருட்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. எள், வேர்க்கடலை, கடுகு மூன்றும் அதில் உண்டு. கடுகா என்று எனக்கும் ஆச்சரியம்தான், நம் சமையலில் கடுகு இல்லாத உப்புப் பண்டம் எது? பெருங்காயம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் சுத்தப் பிசின் கிடையாது. பிசினோடு மாவு கலந்துதான் தூளும் கட்டியும் வருகின்றன. பெரும்பாலும் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். எனவே புளியோதரை, எலுமிச்சை சாதம், தயிர் சாதம், வடை, அப்பளம் என்று பெருங்காயம் படும் எதையும் சீலியாக் உள்ளவர் தொடக்கூடாது. அரிசி மாவு கலந்த பெருங்காயமும் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும். டாமரிண்ட் ரைஸ் என்ற பெயர் இவற்றில் ஒன்றைக்கூடக் காட்டிக்கொடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் புளியோதரை என்ற பெயரும் காட்டிக்கொடுக்காது.

அந்தக் குழந்தையைக் காப்பாற்றியது அவன் அம்மாவின் சந்தேக புத்தி. கேட்டரர் மெனுவோடு அனுப்பிய பொருட்பட்டியலைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கிறார். அதில் gingelly oil என்று இருந்தது. விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்னால் ராத்திரி பத்து மணிக்கு எனக்குச் செய்தி, இது என்ன எண்ணெய் என்று. பதில் எழுதும்போது என் கை நடுங்கியது. நம் ஊர் பாட்டில்களில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் பெயர் அது. நமக்கு அது ஆங்கிலம், அவர்களுக்கு அது எதுவுமே இல்லை. செசமி என்ற ஒரு சொல் இருந்திருந்தால் அவர் கேட்கவே வேண்டியிருக்காது. கேட்டரரைப் பிடித்து, புளியோதரையையும் எலுமிச்சை சாதத்தையும் தனிப் பாத்திரத்தில், சூரியகாந்தி எண்ணெயில், அரிசி மாவுப் பெருங்காயத்தோடு கொஞ்சம் தனியாகச் செய்யச் சொன்னோம். கடைசி நேர வேலை என்று 90 பவுண்டு கூடுதலாக வாங்கினார். கரண்டி மாறிவிடக்கூடாது என்று அந்தப் பாத்திரங்கள் பக்கத்தில் ஒரு ஆளையே நிறுத்தினோம். அப்படியும் அந்த அம்மா பையனுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்ததைத்தான் ஊட்டினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு நம் இந்திய ஆங்கிலச் சொற்களை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். தமிழில் எழுதினால் புரியாது என்று அவர்களுக்குத் தெரியும், கேட்பார்கள். அவர்கள் ஊர் ஆங்கிலத்தில் எழுதினால் புரியும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் நம் ஆங்கிலம்தான் புரிந்த மாதிரி இருந்து காலை வாரிவிடும். சாம்பாரில் டிரம்ஸ்டிக் போட்டிருக்கிறது என்று எழுதினால் அங்கே அது கோழிக்கால். சைவ விருந்து என்றீர்களே என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார். முருங்கைக்காய்க்கு மொரிங்கா என்றால் இப்போது பலருக்குத் தெரிகிறது. லேடீஸ் ஃபிங்கர் என்றால் டிராமிசுவில் போடும் பிஸ்கட். வெண்டைக்காய்க்கு ஓக்ரா. கர்ட் என்றால் பாலாடைக்கட்டி செய்யும்போது திரளும் கட்டி, அல்லது ரொட்டியில் தடவும் எலுமிச்சை கர்ட். தயிருக்கு யோகர்ட். ரவை என்று எழுதினால் அது கோதுமை என்று யாருக்கும் தோன்றாது. செமொலினா, அதாவது கோதுமை என்று எழுத வேண்டும். சேமியாப் பாயசமும் அப்படியே. பச்சைக் கற்பூரத்தைக் கேம்ஃபர் என்று எழுதிவிட்டு ஒரு நண்பர் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறேன். அங்கே அது பூச்சி உருண்டை, விஷம் என்றுதான் தெரியும்.

எனவே இப்போது சாப்பாட்டு அட்டையில் பெயரைத் தமிழ்ப் பெயராகவே எழுதுகிறேன், Puliyodarai, Sakkarai Pongal என்று. அது அந்தப் பண்டத்தின் பெயர். பீட்சாவை யாரும் மொழிபெயர்ப்பதில்லை. பெயருக்குக் கீழே ஒரே வரி, புளியும் மசாலாவும் சேர்ந்த சாதம், காரம், குளிர்ந்த நிலையில் பரிமாறப்படும் என்பது போல. அதற்குக் கீழே 14 பட்டியலில் உள்ளவை அவர்கள் சொல்லும் அதே சொல்லில், தடித்த எழுத்தில். இந்த மூன்றாவது வரியில் தமிழும் கிடையாது, நம் ஆங்கிலமும் கிடையாது. கேட்டரர் தரும் பட்டியலை அப்படியே அனுப்பாமல், எண்ணெய் எது, பெருங்காயம் எந்த மாவு, முந்திரியா வேர்க்கடலையா என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். தெரியவில்லை என்று அவர் சொன்னால், தெரியவில்லை என்றே அட்டையில் போடுகிறேன். அலர்ஜி உள்ளவர் அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்வார், அதுவும் பயன்தான்.

எழுத்துக்கூட்டலைப் பற்றி ஒரு சின்ன விஷயம். வளைகாப்பை நான் ஒரு செய்தியில் Valaikaappu, மனைவி Valaikappu, கேட்டரர் Valaigappu என்று எழுதி, வாட்ஸாப்பில் தேடினால் ஒருவருக்கும் மண்டப முகவரி கிடைக்கவில்லை. அன்று காலை எனக்கு வந்த அழைப்புகளில் பாதி முகவரி கேட்டுத்தான். எந்தக் கூட்டல் சரி என்று சண்டை போட வேண்டாம். ஒன்றை முடிவு செய்து கடைசி வரை அதையே எழுதினால் போதும். போன் தானாகத் திருத்துவதையும் பார்த்துக்கொள்ளுங்கள், Appa என்று அடித்தால் சில போன்களில் Apps என்று போகிறது.

பண்டிகைக்கு இவ்வளவு பாடு இல்லை. ஆனால் விடுப்புக் கேட்டு எழுதுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அக்டோபரில் பெரியம்மா வந்த சந்தோஷத்தில் தீபாவளிக்கு விடுப்பு கேட்டேன். படிப்பவருக்குப் பழக்கமாக இருக்கட்டும் என்று தீபாவளி என்பதை Diwali என்றே எழுதினேன், தேதி போடவில்லை. எங்கள் குழுவில் ஒரு குஜராத்தி நண்பரும் அதே பெயரைச் சொல்லி நவம்பர் 1 கேட்டிருந்தார். மேலாளர் இரண்டு பேருக்கும் நவம்பர் 1 என்று போட்டுவிட்டார். எங்களுக்குத் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். அந்த ஆண்டு அமாவாசை 31 பிற்பகலில் தொடங்கி மறுநாள் மாலை வரை இருந்தது, அதனால் ஆளுக்கொரு நாள் கொண்டாடினார்கள். 2018இலும் தமிழ்நாட்டில் நவம்பர் 6, வடக்கே நவம்பர் 7. நாம் விடிகாலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை வைத்து நாள் பார்க்கிறோம், அவர்கள் மாலை லட்சுமி பூஜையை வைத்துப் பார்க்கிறார்கள். தீபாவளி வேறு, திவாளி வேறு என்று மேலாளருக்குப் பாடம் எடுக்க எனக்கு நேரமில்லை. இப்போது தேதியை முதலில் எழுதுகிறேன், பெயரை அப்புறம், Deepavali என்று. ஃபெஸ்டிவல் ஆஃப் லைட்ஸ் என்று எழுதுவதையும் விட்டுவிட்டேன். அடுத்த மாதம் கார்த்திகை தீபத்துக்கு என்ன எழுதுவது? மறுபடி அதே பெயரைச் சொல்லி விடுப்பு கேட்டால், இப்போதுதானே கொண்டாடினீர்கள் என்பார்கள்.

பொங்கலுக்கும் தேதிதான் முதலில், 14ஆ 15ஆ என்று வருடத்துக்கு வருடம் மாறுவதால். அதோடு Thai Pongal என்று மட்டும் எழுதாதீர்கள். ஆங்கிலம் படிப்பவர் கண்ணுக்கு முதல் சொல் தாய்லாந்து. நான் ஜனவரியில் அலுவலகத்துக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுபோகிறேன் என்று அப்படி எழுதி, காரம் எவ்வளவு இருக்கும், மீன் சாஸ் உண்டா என்று இரண்டு பேர் கேட்டார்கள். Pongal போதும். பண்டிகையும் அதே பெயர், பானையில் பொங்குவதும் அதே பெயர் என்று அடுத்த வரியில் சொன்னால் ஒருவரும் குழம்புவதில்லை. நெய்க்கும் முந்திரிக்கும் மட்டும் டப்பா மேல் சீட்டு ஒட்டிக் கொண்டுபோங்கள்.